உங்களுக்குத் தெரியுமா? வாடகை வீடா, சொந்த வீடா!

60 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். 8.5 சதவீத வட்டி. 20 வருடம். மாதத் தவணை 52,069 ரூபாய். இதில் பாதிக் கடன், அதாவது வெறும் 30 லட்சம் அடைய எத்தனை வருடம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பத்தா? அதுதான் இல்லை. 13 வருடம் 10 மாதம்!

இன்னும் கேளுங்கள். முதல் ஐந்து வருடத்தில் நீங்கள் வங்கிக்குக் கட்டுவது 31 லட்சத்து 24 ஆயிரம். கடனில் குறைவது? 7 லட்சத்து 12 ஆயிரம்தான்! மீதி 24 லட்சத்துச் சொச்சமும் வட்டி!

முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். 42,500 ரூபாய் வட்டிக்கு. 9,569 ரூபாய் அசலுக்கு. தவணையில் வட்டியை விட அசல் அதிகமாக இருக்கும் மாதம் எப்போது வரும் தெரியுமா? 12வது வருடத்தின் கடைசியில்! கடன் வாங்கிய அன்றைக்குப் பிறந்த குழந்தை அப்போது ஆறாம் வகுப்புக்கோ ஏழாம் வகுப்புக்கோ போய்க்கொண்டிருக்கும்.

சரி, ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வேலை. சேர்ந்து மாதம் ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்று மேல் சம்பளம். சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஒரு பழைய அபார்ட்மெண்ட் வீடு பார்த்திருக்கிறார்கள். இரண்டு பெட்ரூம், 1,000 சதுர அடி, விலை 75 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டுக்கு வாடகை 20,000. இந்த ஒரே வீட்டை வைத்து எத்தனை ஆச்சரியம் பாருங்கள்!

75 லட்சத்துக்கு வங்கி எவ்வளவு தரும்? ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு விலையில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. அதாவது 60 லட்சம். மீதி 15 லட்சம் கையிலிருந்து. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது!

பத்திரச் செலவு அந்த விலைக் கணக்கில் சேராது! தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 75 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 6 லட்சத்து 75 ஆயிரம். வங்கி இதற்குப் பைசா தராது. இங்கேதான் பல ஜோடிகள் நகையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், இல்லையென்றால் பர்சனல் லோன் எடுக்கிறார்கள். வீட்டுக் கடனைப் போல ஒன்றரை மடங்கு வட்டிக்கு!

புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் 75 ஆயிரம். ஆக, சாவியை வாங்கிக் கதவைத் திறக்கும் நொடியில் ஏழரை லட்சம் காற்றோடு போயிருக்கிறது. வீட்டு விலையில் சரியாக 10 சதவீதம்! விலை 10 சதவீதம் ஏறினால்தான் போட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

பெயிண்ட், கபோர்டு, கொசுவலை, கிரில், கிருகப்பிரவேசச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் இரண்டரை லட்சம் என்று கஞ்சத்தனமாகவே போடுகிறேன். மொத்தம் கையிலிருந்து 25 லட்சம். 15 லட்சம் இருந்தால் போதும் என்று கிளம்பியவர்களுக்கு!

இதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியது யார்? வாங்குபவர். நீங்கள்! 75 லட்சத்துக்கு 75 ஆயிரம். முழுப் பணத்தையும் விற்பவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால், வரியும் உங்கள் தலையில், வட்டியும் உங்கள் தலையில். விவர அறிக்கை தாக்கல் செய்யத் தாமதமானால் அதற்குத் தனியாக நாளொன்றுக்கு 200 ரூபாய்!

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு வாங்கினால் எவ்வளவு? பூஜ்யம்! 75 லட்சம் வீட்டில் இந்த ஒரு காகிதத்தின் மதிப்பு 3 லட்சத்து 75 ஆயிரம். (45 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன வீடுகளுக்கு ஒரு சதவீதம்தான் என்பது வேறு கதை.)

இப்போது வாடகைப் பக்கம் வாருங்கள். மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். 75 லட்சம் போட்ட வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் வருமானம் 3.2 சதவீதம்! வங்கி டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும். அந்த வீட்டை நீங்கள் வாங்கப்போவதோ 8.5 சதவீத வட்டிக்கு. மாதா மாதம் வாடகை வாங்குகிறாரே என்று முறைக்கிறீர்களே, உங்கள் வீட்டுக்காரர் உண்மையில் உங்களுக்கு மானியம் தந்துகொண்டிருக்கிறார்!

வாடகை தண்டம் என்று மாமனார் சொல்வார். சொல்லட்டும். முதல் மாத வாடகை 20,000. முதல் மாத வட்டி 42,500. எது பெரிய தண்டம்? ஐந்து வருட வட்டியில் இன்றைய வாடகைக்குப் பத்து வருடம் குடியிருக்கலாம்!

ஆனால் வாடகைக்கும் ஒரு ஒளிந்த செலவு உண்டு. சென்னைப் பழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 2 லட்சம். அதற்கு வட்டி கிடையாது. 7 சதவீதம் போட்டால் வருடத்துக்கு 14 ஆயிரம். உங்கள் உண்மையான வாடகை 20,000 இல்லை, 21,167! 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரையில்! எழுதிக்கொள்கிறார்களே, அதுதான் விஷயம். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது தனி.

இப்போதுதான் பெரிய கணக்கு. இரண்டு ஜோடிகள். ஒரே சம்பளம், ஒரே மாதிரி வீடு, இரண்டு பேரிடமும் 25 லட்சம். ஒரு ஜோடி வாங்குகிறது. மாதம் 52,069 தவணை. சொத்து வரி, குழாய், மோட்டார், மொட்டைமாடி ஒழுகல் என்று சொந்தக்காரர் தலையில் விழும் செலவு சராசரியாக மாதம் 3,000. இன்னொரு ஜோடி வாடகைக்குப் போகிறது. அட்வான்ஸ் 2 லட்சம் போக மீதி 23 லட்சத்தை முதலீட்டில் போடுகிறது. வாங்கிய ஜோடி செலவு செய்வதற்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வருடம் மாதம் 35,069. அதையும் மாதா மாதம் போடுகிறது. வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது. முதலீடு வரி போக 7 சதவீதம் வளர்கிறது. (பி.பி.எஃப். வட்டியே 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். அதில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம்தான் போடமுடியும் என்றாலும், நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை!) மாத மெயின்டனன்ஸை இருவருமே கட்டுவதால் அதை விட்டுவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து வாடகை ஜோடியிடம் இருப்பது, அட்வான்ஸையும் சேர்த்து, கிட்டத்தட்ட 57 லட்சத்து 90 ஆயிரம்!

வாங்கிய ஜோடி? வீட்டு விலை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 95 லட்சத்து 70 ஆயிரம். பாக்கிக் கடன் 52 லட்சத்து 88 ஆயிரம். புரோக்கர் கமிஷனும் போக கையில் 41 லட்சத்து 90 ஆயிரம். வாடகை ஜோடி 16 லட்சம் முன்னால்! லாபத்துக்கான வரியை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இரண்டு ஜோடியும் சமமாக நிற்க, வீட்டு விலை வருடத்துக்கு எவ்வளவு ஏறவேண்டும்? 8.3 சதவீதம். ஐந்து வருடமும் விடாமல்!

அதே வீட்டை இரண்டே வருடத்தில் விற்றால்? 13 சதவீதம் ஏறவேண்டும்! பத்து வருடம் வைத்திருந்தால்? 6.7 சதவீதம் போதும்! வீடும் அதே, கடனும் அதே. எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பது மட்டும்தான் மாறுகிறது. அந்த ஏழரை லட்சம் பத்திர, புரோக்கர் செலவை இரண்டு வருடத்தில் பரப்புவதற்கும் பத்து வருடத்தில் பரப்புவதற்கும் அவ்வளவு வித்தியாசம்! வீடு பார்க்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், வட்டியைக் கேட்கிறார்கள். இந்த வருடக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

வாடகைக்காரர்கள் கைதட்டுவது கேட்கிறது. நிறுத்துங்கள்! அந்த 35,069 ரூபாயை மாதா மாதம் போடாமல் ஸ்விக்கி, கோவா, புது போன் என்று தீர்த்தால் என்ன ஆகும்? ஐந்து வருடக் கடைசியில் கையில் 34 லட்சத்து 26 ஆயிரம்தான். வாங்கிய ஜோடி ஏழரை லட்சம் முன்னால்! 5 சதவீதமே ஏறிய அதே வீட்டோடு! தவணையைக் கட்டாவிட்டால் வங்கி போன் செய்யும். எஸ்.ஐ.பி.யைக் கட்டாவிட்டால் யாரும் போன் செய்யமாட்டார்கள். எனக்குத் தெரிந்து சொந்த வீட்டின் மிகப்பெரிய லாபம் இதுதான். இதை எந்த பில்டரும் விளம்பரத்தில் போடுவதில்லை!

20,000 வாடகை வருடம் 5 சதவீதம் ஏறிக்கொண்டே போனால், என்றைக்குத் தவணையைத் தொடும்? 20வது வருடத்திலும் தொடாது! அப்போது வாடகை 50,539 ரூபாய்தான். 21வது வருடம் 53,066 ஆகிவிடும். அந்த வருடம் தவணை எவ்வளவு? பூஜ்யம்! வாங்கியவர்கள் காத்திருந்தது இந்த 21வது வருடத்துக்காகத்தான். நாற்பத்தெட்டு, ஐம்பது வயதில் வாடகையே இல்லாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஒரு வீட்டைப் பார்த்ததும் வாங்கலாமா என்று சட்டென்று கண்டுபிடிக்க ஒரு வழி. வருட வாடகையை விலையால் வகுத்துப் பாருங்கள். நம் 75 லட்சம் வீட்டுக்கு வாடகை 20,000க்குப் பதில் 30,000 என்றால் விகிதம் 4.8 சதவீதம். அப்போது ஐந்து வருடத்தில் சமமாக நிற்கத் தேவையான விலை ஏற்றம் 8.3லிருந்து 6.7 சதவீதமாக இறங்கிவிடுகிறது! வாடகை அதிகமுள்ள வீட்டை வாங்கு, விலை அதிகமுள்ள வீட்டில் வாடகைக்கு இரு. இதற்காக எனக்கு யாராவது சால்வை போர்த்தலாம்.

1,000 சதுர அடி வீட்டில் உண்மையில் எத்தனை சதுர அடி கிடைக்கும்? படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துத்தான் அந்த 1,000. கார்ப்பெட் ஏரியா 750 என்றால், சதுர அடி 7,500 என்று சொல்லி விற்ற வீடு உங்களுக்கு 10,000 ரூபாய்க்கு விழுகிறது!

கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. ஏறுவது மண்ணின் விலை. அந்த மண்ணில் உங்களுக்கு எவ்வளவு? பத்திரத்தில் யு.டி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். பிரிபடாத மனைப்பங்கு. மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 500 சதுர அடி மனை இருக்கலாம். பதினைந்து மாடி டவரில் 300 கூட இருக்காது! ஒரே விலை, ஒரே தெரு. ஆனால் இருபது வருடம் கழித்து இரண்டும் ஒன்றல்ல. நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை!

2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம்! அந்த ஏற்றத்துக்குச் சற்று முன்பு 6.75 சதவீதத்துக்கு 60 லட்சம் வாங்கியவரின் தவணை 45,622. வட்டி 9.25 ஆனதும் மாத வட்டி மட்டுமே ஏறக்குறைய அதே அளவுக்கு வந்து நின்றது. தவணை முழுக்க வட்டிக்கே போய், அசல் அசையவே இல்லை! தவணையை ஏற்றாமல் வருடத்தை மட்டும் நீட்டிய வங்கிகளால் 20 வருடக் கடன் வாங்கிய பலர், ஓய்வு பெற்ற பிறகும் தவணை இருப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களிடம் கேட்கவேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புத் தரவேண்டும் என்றும் அப்போது சொன்னது. உங்கள் வங்கி அனுப்பிய அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்தீர்களா?

வேலை மாறினால்? மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குப் போய்வரலாம். கம்பெனி ஒரகடத்துக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பினால்? வாடகைக்காரர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு லாரியை வரச்சொல்வார். சொந்தக்காரர் வாங்க ஆள் தேடி மாதக்கணக்கில் உட்காருவார். இல்லையென்றால் 52,069 தவணை கட்டும் வீட்டை 20,000க்கு வாடகைக்கு விட்டுவிட்டு, புது ஊரில் தானும் வாடகை கொடுப்பார். மாதம் 32,069 ரூபாய் ஓட்டை!

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 11 மாத அக்ரிமெண்ட் வாடகைக்காரருக்கு மட்டுமா வசதி? பையன் அமெரிக்காவிலிருந்து வர்றான், வீடு வேணும் என்று வீட்டுக்காரர் சொன்னால் நீங்கள் கிளம்பவேண்டியதுதான். பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் என்றால் அந்த ஒரு வரி எவ்வளவு கனக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அவசரமாக விற்பவர்களே! வாங்கி இரண்டு வருடத்துக்குள் விற்றால் லாபம் முழுவதும் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரியாகிறது. இரண்டு வருடம் தாண்டினால் 12.5 சதவீதம்! ஐந்து வருடத்துக்குள் விற்றால் இன்னொரு அடி. அசல் கட்டியதற்காகப் பழைய வரிமுறையில் வாங்கிய சலுகை எல்லாம் திரும்ப வருமானத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்!

வரிக்காக வீடு வாங்குகிறேன் என்பவர்களுக்கு. நீங்களே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம். கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கியிருந்தால் ஆளுக்கு 2 லட்சம்! புதிய முறையில்? ஒரு ரூபாய்கூட இல்லை! முதல் வருட வட்டி ஐந்து லட்சத்தைத் தாண்டும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடகைக்காரர்கள் சிரிக்கவேண்டாம். வீட்டு வாடகைப்படிச் சலுகையும் புதிய முறையில் இல்லை!

கடைசியாக, ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால், தனிநபர்களிடம் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. போனஸ் வரும் மாதத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டுங்கள். 12க்குப் பதில் 13. 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்துவிடுகிறது!